ஒரு லூஸ் திருகும் இரண்டு அளவுகோல்களும்: ஒப்பந்தத்திலும் டோர்ட்டிலும் ரிமோட்னஸ்

"ரிமோட்னஸ் பாடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் சார். ஹாட்லி வழக்கிலும் 'முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய' நஷ்டம் என்கிறார்கள், வேகன் மவுண்ட் வழக்கிலும் அதையேதான் சொல்கிறார்கள். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே? ஒப்பந்தத்துக்கும் டோர்ட்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? நம் ஊர் உதாரணம் ஒன்றை வைத்துச் சொன்னால் புரியும்." (சட்ட மாணவி, கோலாலம்பூர்)

வித்தியாசம் இருக்கிறது. ரிமோட்னஸ் என்பது எவ்வளவு தொலைவான நஷ்டம் வரை ஈடு கேட்கலாம் என்ற எல்லை; டோர்ட் என்பது ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பிறருக்கு இழைக்கும் உரிமையியல் தவறு. இரண்டு கேள்விகளைக் கேட்டால் அந்த வித்தியாசம் வெளியே வந்துவிடும். எந்த நாளில் நின்றுகொண்டு எதிர்பார்க்க வேண்டும்? எவ்வளவு சாத்தியம் இருந்தால் போதும்? ஒப்பந்தத்தில், கையெழுத்திட்ட நாளில் நின்று பார்க்கிறோம். நஷ்டம் ஓரளவு நடக்கக்கூடியதாகவே தெரிந்திருக்க வேண்டும். டோர்ட்டில், கவனக்குறைவு நடந்த நாளில் நின்று பார்க்கிறோம். ஆபத்து சிறியதாக இருந்தாலும், புறக்கணிக்கக்கூடாத உண்மையான ஆபத்தாக இருந்தால் போதும். இதை மனப்பாடம் செய்வது சுலபம். ஒரு சம்பவத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே கடிக்கிறது என்று தெரியும்.

நான் பினாங்கில் இருப்பதால் சம்பவத்தை பட்டர்வொர்த்திலேயே வைத்துக்கொள்கிறேன். கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி கோப்பு எந்த வக்கீல் மேசைக்கும் வரக்கூடியது.

ஓர் அக்கா கேட்டரிங் நடத்துகிறார். கடைவீட்டின் பின்பகுதியில் ஒரு கோல்ட் ரூம். அது சரியாகக் குளிரவில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி ஏர்கோன் டெக்னீஷியன் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசி, 1,800 வெள்ளிக்கு சர்வீஸ் என்று முடிவாகிறது. அக்கா கேட்டரிங் செய்பவர், உள்ளே இறைச்சி இருக்கிறது என்பது டெக்னீஷியனுக்குத் தெரியும். அக்டோபர் 5-ஆம் தேதி அக்கா இன்னொரு செய்தி அனுப்புகிறார்: "தம்பி, 12-ஆம் தேதி பிறை தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து கிச்சனைப் பார்க்கிறார்கள். கேண்டீன் கான்ட்ராக்ட் கிடைக்கப்போகிறது. கோல்ட் ரூம் ஓடவில்லை என்றால் எல்லாம் போச்சு." 8-ஆம் தேதி டெக்னீஷியன் வந்து வேலை செய்கிறார். கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்சில் ஒரு திருகை முழுதாக இறுக்காமல் போய்விடுகிறார்.

லூஸான மின் இணைப்பு என்ன செய்யும் என்று ஒயரிங் வேலை தெரிந்த எவரும் சொல்வார்கள். சூடாகும், கருகும், பொறி பறக்கும். 10-ஆம் தேதி இரவு அதுதான் நடந்தது. கம்ப்ரசர் நின்றது. உள்ளே இருந்த 14,000 வெள்ளி பெறுமானமுள்ள இறைச்சி காலைக்குள் கெட்டது. பொறி பட்டு சுவர்ப் பலகைக்குள் இருந்த ஃபோம் பற்றிக்கொண்டது. பொம்பா வந்து அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் பக்கத்துப் புடவைக் கடைக்குள் போய், தீபாவளிக்கு இறக்கிய 60,000 வெள்ளி சரக்கு வீணாயிற்று. அந்த வாரம் பிடித்திருந்த திறந்த இல்ல விருந்து ஆர்டர்கள் அக்காவின் கையை விட்டுப் போயின; அவற்றின் லாபம் 9,000 வெள்ளி. 12-ஆம் தேதி தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு கேண்டீனை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் வருட லாபம் 120,000 வெள்ளி வந்திருக்கும்.

ஒரே திருகுதான். முதலில் அக்காவின் ஒப்பந்த வழக்கைப் பார்ப்போம்.

இங்கே நாம் ஆங்கில வழக்கிலிருந்து தொடங்கக் கூடாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுதான் முதலில் வர வேண்டும். விடைத்தாளில் நேராக ஹாட்லிக்குப் பாய்ந்து, 74-ஐக் கடைசி வரியில் ஒட்டவைக்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. பிரிவு இரண்டு வாசல்களைத் திறக்கிறது. மீறலிலிருந்து வழக்கமான போக்கில் இயல்பாக எழும் நஷ்டம் ஒன்று. ஒப்பந்தம் செய்தபோதே, மீறினால் இது நேரக்கூடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டம் இன்னொன்று. தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்று அடுத்த உட்பிரிவு மூடிவிடுகிறது.

இது 1854-ஆம் ஆண்டின் ஹாட்லி எதிர் பேக்சண்டேல் தீர்ப்பின் சாரம். குளொஸ்டரில் ஒரு மாவு ஆலை. நீராவி இயந்திரத்தின் தண்டு உடைந்தது. புதிய தண்டு வார்க்க, பழையதையே மாதிரியாக கிரீனிச்சுக்கு அனுப்ப வேண்டும். சுமைகூலி நிறுவனம் தாமதித்தது, ஆலை கூடுதல் நாட்கள் சும்மா கிடந்தது. அந்த லாபம் கிடைக்காது என்றார் நீதிபதி ஆல்டர்சன். காரணத்தைக் கவனியுங்கள்: ஆலைக்காரரிடம் உபரித் தண்டு ஒன்று இருந்திருக்கலாம், இயந்திரத்தில் வேறு கோளாறும் இருந்திருக்கலாம், ஆகவே தண்டு தாமதமானால் ஆலை நிற்கும் என்பது வழக்கமான போக்கு ஆகாது. சிறப்புச் சூழ்நிலை சுமைகூலிக்காரருக்குச் சொல்லப்படவில்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அச்சான அறிக்கையின் தலைக்குறிப்பு, ஆலை நின்றிருப்பதைக் குமாஸ்தாவிடம் சொன்னார்கள் என்கிறது. சொல்லியிருந்தால் தீர்ப்பு ஏன் அப்படி வந்தது என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் குழம்புகிறார்கள். தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், தலைக்குறிப்பை விட்டுவிடுங்கள்.

74-ஆம் பிரிவின் கீழ் சில எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. அவற்றில் ஒன்று நம் அக்காவுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். ஒருவர் தன் ஆலைக்குப் போக வேண்டிய இயந்திரத்தை, "இது இல்லாமல் ஆலை நிற்கிறது" என்று சொல்லியே சுமைகூலிக்காரரிடம் கொடுக்கிறார். அவர் தாமதிக்கிறார். அதனால் அரசாங்கத்துடன் கிடைக்கவிருந்த லாபகரமான ஒப்பந்தம் போய்விடுகிறது. தாமதமான நாட்களில் ஆலை சராசரியாகச் சம்பாதித்திருக்கும் லாபம் கிடைக்கும். அரசாங்க ஒப்பந்தம் போன நஷ்டம் கிடைக்காது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த வரி இது. இங்கிலாந்தில் இதே கோட்டைத் தெளிவாகப் போட 1949-ஆம் ஆண்டின் விக்டோரியா லாண்டரி வழக்கு வரை ஆயிற்று. அங்கே கொதிகலன் தாமதமானதால் சலவைக்கடையின் சாதாரண லாபம் கிடைத்தது, அரசாங்கச் சாய வேலையின் அபூர்வ லாபம் அப்படியே கிடைக்கவில்லை.

இப்போது அக்காவின் கணக்கு. இறைச்சி 14,000: கோல்ட் ரூம் நின்றால் இறைச்சி கெடும், இதற்கு யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை. முதல் வாசல். விருந்து ஆர்டர் லாபம் 9,000: கேட்டரிங் செய்பவருக்கு அக்டோபரில் ஆர்டர் இருக்கும், தீபாவளி நேரம், குளிரறை இல்லாமல் வேலை நடக்காது. இதுவும் முதல் வாசலில் நுழையும். ஆனால் வேறு கடையில் குளிரறை வாடகைக்கு எடுத்துச் சமாளித்திருக்கலாமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். சிரமத்தைச் சரிக்கட்ட இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 74-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. கேண்டீன் 120,000: இது வழக்கமான போக்கில் வருவது இல்லை. இரண்டாவது வாசல்தான் வழி. அந்த வாசலில் தேதி கேட்பார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அக்கா டெக்னீஷியனிடம் சொன்னாரா? சொன்னார், செய்தி இருக்கிறது, இரண்டு நீல டிக்கும் இருக்கிறது. ஆனால் சொன்னது 5-ஆம் தேதி. ஒப்பந்தம் முடிந்தது 1-ஆம் தேதி. பிரிவு கேட்பது, ஒப்பந்தம் செய்தபோது என்ன தெரிந்திருந்தது என்பதை. நான்கு நாள் கழித்துச் சொன்னது, அதுவும் வேலை நடப்பதற்கு மூன்று நாள் முன்பே சொன்னது, ஒப்பந்த வழக்கில் உதவாது. 120,000 போய்விட்டது. அந்தச் செய்தியை 1-ஆம் தேதி, விலை பேசும்போதே அனுப்பியிருந்தால் வாதாட வலுவான பிடி இருந்திருக்கும்.

அநியாயமாகத் தோன்றுகிறதா? டெக்னீஷியன் பக்கம் நின்று பாருங்கள். 1,800 வெள்ளி வேலைக்கு 120,000 வெள்ளி பொறுப்பு என்று 1-ஆம் தேதி தெரிந்திருந்தால், அவர் 3,500 கேட்டிருப்பார், அல்லது "கேண்டீனுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கியிருப்பார், அல்லது ஆளை விடு என்று போயிருப்பார். விலை பேசி முடித்த பிறகு இந்த மூன்றில் எதையும் செய்ய முடியாது. ஒப்பந்த ரிமோட்னஸின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

அப்புறம், அளவு. எவ்வளவு சாத்தியம் இருந்தால் ஒப்பந்தத்தில் போதும்? 1967-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஹெரான் டூ வழக்கைப் பாருங்கள். சர்க்கரை ஏற்றிய கப்பல் கான்ஸ்டன்சாவிலிருந்து பாஸ்ராவுக்குப் போகிறது, வழியில் சுற்றிக்கொண்டு சுமார் ஒன்பது நாள் தாமதம். அதற்குள் பாஸ்ரா சந்தையில் சர்க்கரை விலை இறங்கிவிட்டது. சந்தை விலை ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும், அது கப்பல்காரருக்குத் தெரியாத விஷயமா? ஈடு கிடைத்தது. நீதிபதி லார்ட் ரீட் அங்கே ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டார். நன்றாகக் கலைத்த கட்டில் மேல் சீட்டு டைமண்ட்டாக இருப்பது நடக்கக்கூடியதுதான். நாலில் ஒரு வாய்ப்பு. அது டைமண்ட் ஒன்பதாக இருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஐம்பத்திரண்டில் ஒன்று. இரண்டையுமே முன்கூட்டி நினைத்துப் பார்க்க முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் நஷ்டம் முதல் வகையாக இருக்க வேண்டும், 'நடக்க வாய்ப்பில்லாதது என்று சொல்ல முடியாதது' என்ற அளவில். வெறுமனே நினைத்துப் பார்க்க முடிந்தால் போதாது.

டோர்ட்டில் அந்த டைமண்ட் ஒன்பதுகூடப் போதும். அதே தீர்ப்பில் லார்ட் ரீட் இதையும் சொன்னார்: கவனக்குறைவு வழக்கில், மிக அசாதாரணமான சூழலில் மட்டும் நேரக்கூடிய சேதத்துக்கும் பிரதிவாதி பொறுப்பு, அந்த ஆபத்து, நியாயமான ஒருவர் புறக்கணித்துவிடலாம் என்று நினைக்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் தப்பலாம். அவர் இதை ஆகாயத்திலிருந்து சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான், இரண்டாவது வேகன் மவுண்ட் வழக்கில், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை எழுதியவரும் அவரே. இரண்டு அளவுகோலையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கை அளந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான பதில் அதுதான்.

வேகன் மவுண்ட் கதை உங்களுக்குத் தெரியும், ஒரு விஷயத்துக்காக மட்டும் திரும்பச் சொல்கிறேன். 1951 அக்டோபர் கடைசியில் சிட்னி துறைமுகத்தில் கப்பலிலிருந்து எரியெண்ணெய் கொட்டியது. கொஞ்ச தூரத்தில் இருந்த மார்ட்ஸ் டாக் துறைமேடையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. மேலாளர் நிறுத்தினார், விசாரித்தார், ஆபத்தில்லை என்று நம்பி மறுபடியும் தொடங்கினார். பொறி விழுந்து, தண்ணீரில் மிதந்த பஞ்சுக்கழிவு பற்றி, எண்ணெயும் பற்றிக்கொண்டது. 1961-இல் பிரிவி கவுன்சில், அந்தச் சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் தண்ணீர்மேல் கிடக்கும் அந்த எண்ணெய் தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது என்று சொல்லி துறைமேடைக்காரரைத் தோற்கடித்தது. அதுவரை ஆண்ட 1921-ஆம் ஆண்டின் பொலெமிஸ் விதி, அதாவது நேரடி விளைவு எதுவானாலும் பொறுப்பு என்ற விதி, அத்தோடு கீழே இறங்கியது. அதே தீயில் சேதமான கப்பல்களின் உரிமையாளர்கள் தனியாக வழக்குப் போட்டார்கள். அவர்கள் 1966-இல் ஜெயித்தார்கள்.

ஒரே தீ, ஒரே எண்ணெய், எதிரெதிர் முடிவு. சாட்சியம் வேறு. முதல் வழக்கில், தீப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம் என்று வலியுறுத்த துறைமேடைக்காரருக்கே தயக்கம். வெல்டிங் செய்தது அவர்கள். அந்த ஆபத்து தெரியும் என்றால் அவர்களுடைய கவனக்குறைவும் வெளியே வரும், அப்போது நியூ சவுத் வேல்ஸில் அது வழக்கையே முழுக்கக் கொன்றுவிடும். கப்பல்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே, கப்பலின் இன்ஜினியருக்கு, சிறிய அளவிலாவது, தீ ஆபத்து தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். எண்ணெய் கொட்டுவதால் யாருக்கும் லாபமும் இல்லை, நிறுத்துவது சுலபம். அப்படிப்பட்ட ஆபத்தைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது என்றது கவுன்சில். எதிர்பார்ப்பு என்பது பாதி சட்டம், பாதி சாட்சியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நம் நாட்டில், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி தீபகற்பத்துக்கு வந்தது 1956 ஏப்ரல் 7-ஆம் தேதி நிலவிய ஆங்கிலப் பொதுச்சட்டம். அன்று அங்கே பொலெமிஸ்தான். ஆனாலும் 1967-இல் ஜஸ்வந்த் சிங் எதிர் மத்திய மின்சார வாரியம் வழக்கில் நம் நீதிமன்றம் வேகன் மவுண்டைத்தான் எடுத்துக்கொண்டது, அதுவே நிலைத்துவிட்டது.

சரி, புடவைக் கடைக்காரருக்கு வருவோம். அவருக்கும் டெக்னீஷியனுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, முகம்கூடத் தெரியாது. அவருடைய வழக்கு கவனக்குறைவு. பக்கத்துக் கடை இருக்கும் கட்டடத்தில் மின்வேலை செய்பவருக்கு அந்தப் பக்கத்துக் கடைமேல் கவனக் கடமை உண்டு என்பதில் பெரிய சண்டை வராது, நடந்தது பொருளுக்கு நேர்ந்த சேதம். ரிமோட்னஸில் கேள்வி: லூஸ் திருகினால் தீ வரும், பக்கத்துக்குப் பரவும் என்பது புறக்கணிக்கத்தக்க ஆபத்தா? நூறு லூஸ் திருகில் ஒன்றுதான் தீயாகிறது என்று டெக்னீஷியன் பக்கம் ஒரு நிபுணர் வந்து சொன்னாலும்கூட, இறுக்குவதற்கு அரை நிமிடம் போதும் என்கிறபோது அந்த ஒன்றைத் தள்ளிவிட முடியாது. 60,000 வெள்ளிச் சரக்கு உள்ளே வந்துவிடும்.

அவருக்கு ஒரு பெரிய கல்யாண வீட்டு ஆர்டர் போய்விட்டது என்றும், அது வீணான சரக்கோடு ஒட்டிய லாபம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்டரைப் பற்றி டெக்னீஷியனுக்கு எப்போதும் தெரியாது. ஆனாலும் கடைக்காரருக்கு வாதிட இடமிருக்கிறது. கடையில் சரக்கு சேதமானால் வியாபார லாபம் போகும் என்பது எதிர்பார்க்கக்கூடிய வகை நஷ்டம், அதன் அளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சரக்கின் விலையும் அதே சரக்கின் லாபமும் இரண்டு முறை எண்ணப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இப்போது நிலைமையைப் பாருங்கள்: காசு கொடுத்து ஒப்பந்தம் போட்ட அக்காவின் பெரிய லாபம் வெளியே நிற்கிறது, ஒரு காசும் கொடுக்காத பக்கத்துக் கடைக்காரர் லாபத்துக்கு வாதாடிக்கொண்டிருக்கிறார்.

இந்த முரணுக்கு லார்ட் ரீட் கொடுத்த காரணம் எனக்கு எப்போதும் நியாயமாகவே பட்டிருக்கிறது. ஒப்பந்தம் செய்பவருக்குத் தன் அசாதாரண ஆபத்தை முன்னமே எதிராளியிடம் சொல்லி வைக்க வாய்ப்பு இருந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. பக்கத்தில் யார் வந்து எந்தத் திருகை முடுக்குகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்படியென்றால் அக்காவும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு டோர்ட்டில் வழக்குப் போட்டால் என்ன? புத்திசாலி மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. டெக்னீஷியன் கவனக்குறைவாக இருந்தார், 8-ஆம் தேதி திருகை விட்டபோது 5-ஆம் தேதி செய்தி அவருடைய கைப்பேசியில் இருந்தது. டோர்ட்டின் கடிகாரப்படி அவருக்கு கேண்டீன் விஷயம் தெரியும். ஒப்பந்தத்தில் கதவு அடைந்தாலும் டோர்ட்டில் திறக்குமா?

2015-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வெல்லெஸ்லி பார்ட்னர்ஸ் எதிர் விதர்ஸ் வழக்கில் இதற்கு முட்டுக்கட்டை போட்டது. ஆட்சேர்ப்பு நிறுவனம் ஒன்று, ஒப்பந்தத்தைத் தவறாக எழுதிய தன் வக்கீல்கள்மேல் போட்ட வழக்கு அது. ஒரே தரப்புகளுக்கு இடையே ஒப்பந்தமும் டோர்ட்டும் பக்கம் பக்கமாக ஓடினால், பொருளாதார நஷ்டத்துக்கு ஒப்பந்தத்தின் அளவுகோலே டோர்ட்டுக்கும் பொருந்தும் என்றார்கள். காரணம் மறுபடியும் அதேதான்: பேசி வைக்க வாய்ப்பு இருந்தவர்களுக்கு, அந்த வாய்ப்பே இல்லாதவர்களின் சலுகை எதற்கு? நமக்கு இது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் தூக்கிக்கொண்டு வருவார். அக்காவின் 120,000-க்கு டோர்ட் குறுக்குவழியை நம்பி வழக்குச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

அக்காவுடைய சொந்தச் சுவர்ப் பலகை எரிந்ததே, அது? இங்கே ஒப்பந்த அளவுகோல் சற்று நெருக்கடி கொடுக்கும். அந்த நூறில் ஒன்று கணக்கை டெக்னீஷியன் தரப்பு இங்கே கொண்டுவந்து, தீ என்பது டைமண்ட் ஒன்பது, ஒப்பந்தத்தில் போதாது என்று வாதிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1978-இல் அறிக்கையான பார்சன்ஸ் வழக்கு குறுக்கே நிற்கிறது. பன்றிப் பண்ணைக்குத் தீவனச் சேமிப்புக் கொள்கலன் நிறுவினார்கள். மேலே இருந்த காற்றுத் துவாரத்தைப் பயணத்துக்காக ஒட்டியிருந்த டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். உள்ளே தீவனம் பூசணம் பிடித்தது, அதைத் தின்ற பன்றிகளுக்கு ஈ.கோலை தொற்று வந்து 254 செத்தன. பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து இத்தனை சாவு வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். பொருளுக்கு நேரும் சேதத்துக்கு டோர்ட் அளவுகோலையே ஒப்பந்தத்திலும் வைக்கலாம் என்று லார்ட் டென்னிங் ஒரு குறுக்குவழி போட்டார். மற்ற இரு நீதிபதிகள் அதற்குள் போகவில்லை. கொள்கலன் சரியில்லை என்றால் பன்றிகளுக்கு நோய் வரலாம் என்ற வகை நஷ்டம் மனதில் இருந்தால் போதும், எவ்வளவு கடுமையாக வரும் என்பது தேவையில்லை என்றார்கள். அந்த வழியில் அக்காவின் பலகையும் உள்ளே வந்துவிடும் என்பது என் கணிப்பு. மின்வேலை சரியில்லை என்றால் மின்கோளாறால் கட்டடத்துக்குச் சேதம் என்ற வகை, யார் மனதிலும் இருப்பதுதான். வகையை அகலமாக வரைந்தால் வாதி ஜெயிக்கிறார், குறுகலாக வரைந்தால் பிரதிவாதி ஜெயிக்கிறார். விக்டோரியா லாண்டரியில் லாபத்தையே இரண்டு வகையாகப் பிரித்ததும் பார்சன்ஸில் நோயை ஒரே வகையாக வைத்ததும் நேராக ஒத்துப்போகாதவை. ஒத்துப்போக வைக்க முயலாதீர்கள், இரண்டையும் எடுத்துச்சொல்லி எந்தப் பக்கம் உங்கள் சம்பவம் சாய்கிறது என்று எழுதுங்கள்.

ஒரு கிளைக் கேள்வி மீதம் இருக்கிறது. அக்கா 1-ஆம் தேதியே கேண்டீனைப் பற்றிச் சொல்லியிருந்தால், சொன்னதே போதுமா, டெக்னீஷியன் ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டுமா? 2008-இல் பிரபுக்கள் சபை தீர்த்த அக்கிலியாஸ் வழக்கில் இது சூடுபிடித்தது. வாடகைக் கப்பலை 2004 மே 2-க்குள் திருப்பித் தர வேண்டும், ஒன்பது நாள் தாமதம். கப்பல்காரர் அடுத்த வாடகைக்கு நல்ல விலையில் பேசி வைத்திருந்தார். தாமதத்துக்குள் சந்தை விழுந்து, நாளைக்கு 8,000 டாலர் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த வாடகை முழுவதற்கும் கேட்டது சுமார் 13.6 லட்சம் டாலர்; கிடைத்தது, தாமத நாட்களின் சந்தை வித்தியாசமான சுமார் 1.58 லட்சம். தாமதமானால் அடுத்த வாடகை கெடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொறுப்பை வாடகைக்காரர் ஏற்றுக்கொண்டதாக அந்தத் தொழிலில் யாரும் கருதுவதில்லை என்றார் லார்ட் ஹாஃப்மன். ஐந்து நீதிபதிகளும் ஒரே காரணத்தில் நிற்கவில்லை, பரோனஸ் ஹேல் தன் தயக்கத்தை வெளிப்படையாகவே எழுதினார். நம் 74-ஆம் பிரிவு 'தெரிந்திருந்தது' என்கிறது, 'ஏற்றுக்கொண்டது' என்று கேட்கவில்லை. இங்கே வாதிக்கு வார்த்தை பக்கத்தில் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். ஆனாலும் வாட்ஸ்அப்பில் "சரிக்கா, நான் பார்த்துக்கிறேன், அதுக்கும் சேர்த்துதான் 3,500" என்று ஒரு பதில் இருந்தால் அந்தச் சண்டையே வராது.

வழக்கு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிளீடிங்கில் "நஷ்டம் எதிர்பார்க்கக்கூடியது" என்று ஒரே வரியை ஒப்பந்தத்துக்கும் டோர்ட்டுக்கும் சேர்த்து எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் இரண்டாவது வாசலுக்கு யார், எப்போது, எந்த வழியில், என்ன சொன்னார்கள் என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். விசாரணையில் புதிதாகக் கொண்டுவர முயன்றால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். ஏமாற்றுதல் வழக்காக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே எதிர்பார்ப்பே தேவையில்லை, நேரடி விளைவு போதும். பரீட்சையில் சம்பவத்தில் பொய் வாக்குறுதி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, டெக்னீஷியனின் கொட்டேஷன் கீழே சின்ன எழுத்தில் 'கான்சிகுவென்ஷியல் லாஸ்' என்ற பின்விளைவு நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தால், அக்காவின் 9,000-ஐயும் அது தின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1978-ஆம் ஆண்டின் குரூடேஸ் வழக்கிலிருந்து அந்த வார்த்தைகளை ஹாட்லியின் இரண்டாவது வாசலுக்கு மட்டும் உரியவை என்றே படித்து வந்திருக்கிறார்கள். முதல் வாசலில் வந்த விருந்து லாபத்தை அது தொடாது. கேண்டீனுக்கு மட்டும் இன்னொரு பூட்டு.